ஆறாவது காட்சியில் வந்த முகம்

கணவன் இறந்து நாற்பத்தைந்து நாளில் அவள் ஸ்டூடியோவைத் திறந்தாள். சாலைப் பாதுகாப்புப் படம் ஒன்று பாக்கி நின்றது. மகளுக்கு சைக்கிள் பழக்கும் அப்பாவின் கதை, ஆறு காட்சி. ஐந்தை அவன் முடித்திருந்தான். அவள் ஒலி வேலைக்காரி. ஏஐ வீடியோ எல்லாம் அவன் பாடு. ஆகவே கொழுந்தனை வரச்சொன்னாள்.

அண்ணன் குறிப்பில் சீட் எண் இருந்தது, ஏஐ படத்தை முளைக்கவைக்கும் விதை எண். தம்பி அதையே போட்டு, அதே வாசகத்தை ஒட்டி ஓட்டினான். ஆறாம் காட்சிக்கு வந்த அப்பா யாரோ எவரோ!

"நம்பர் சரிதானே?" என்றாள்.

"சரிதான் அண்ணி. ஏஐ கம்பெனிக்காரங்க மாடலைப் புதுசாக்கிட்டாங்க, பழசை எடுத்துட்டாங்க. அதே மாடல், அதே வாசகம், அதே செட்டிங் எல்லாம் இருந்தாத்தான் சீட் அதே படத்தைக் குடுக்கும். இப்போ தலைகீழா நின்னாலும் வராது."

மிச்சம் இருந்தது, முகத்துக்கு மாதிரியாக அண்ணன் கொடுத்திருந்த ரெஃபரன்ஸ் படம். அவள் கோப்பைத் திறந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அவள் கணவன்! நோய் தின்றது போக மிச்சம் இருந்த முகம்.

"ஊரையே படம் பிடிச்ச மனுஷன், தன்னை ஒண்ணும் எடுத்துக்கலை. முகம் தெளிவா இருந்தது நான் எடுத்த இது ஒண்ணுதான்" என்று தம்பி தலைகுனிந்தான்.

கீழே நெகட்டிவ் பிராம்ப்ட், வரக்கூடாதவற்றின் பட்டியல்: ஒட்டிய கன்னம், முடியில்லாத தலை, குச்சிக்கை, சோர்ந்த கண். தன்னிடமிருந்தே தன்னை வடிகட்டி, படத்து அப்பாவை ஆரோக்கியமாக நடக்கவிட்டிருக்கிறான். பக்கத்து மேசையில் இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

தம்பி ஆஸ்பத்திரிப் படத்தை எடுத்துவிட்டு, முடிந்த மூன்றாம் காட்சியிலிருந்து முகம் தெளிவான இரண்டு பிரேம்களை ரெஃபரன்ஸாகக் கொடுத்தான். பட்டியலை அப்படியே விட்டான். நாலைந்து சீட் எண் மாற்றிப் பார்த்ததில் ஒன்று ஒத்துவந்தது. சட்டைக் காலர் மட்டும் கொஞ்சம் அகலம். படம் கேட்டவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

"முடிஞ்சுது அண்ணி."

"இரு தம்பி. அந்த ஆஸ்பத்திரிப் படத்தைப் போடு. பட்டியலை எடுத்துட்டு ஒருதடவை ஓட்டு."

"வேண்டாமே அண்ணி..."

"ஓட்டுப்பா."

சைக்கிள் இருக்கையைப் பிடித்தபடி திரையில் ஒருவன் வந்தான். ஒட்டிய கன்னம், மூச்சு வாங்கி நின்றான். நோயில் கிடந்த எட்டு மாதமும் அவள் கையால் தலை துடைத்துவிட்ட மனிதன், நிஜத்தில் ஒருநாளும் பிடித்திராத சைக்கிளைப் பிடித்திருந்தான்.

"இவர்தான்" என்றாள். தம்பி எழுந்துபோய் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றான்.

படத்துக்கு நல்ல முகத்தவனே போனான். ஐந்து விநாடி ஓடும் மற்றதை அவள் யாருக்கும் அனுப்பவில்லை. தங்கள் மகளுக்குக்கூட இன்னும் காட்டவில்லை.