குதிகால் முதலில்

ஸ்கிரிப்டை நாலு முறை அடித்துத் திருத்தி எழுதியிருந்தாள் டீச்சர். தாளின் இடப்பக்கம் கேமராவில் தெரிய வேண்டியது, வலப்பக்கம் பேச வேண்டியது. பள்ளியில் புதிதாக இறகுப்பந்து மட்டை பிடிக்கும் பிள்ளைகளுக்கு எட்டு நிமிட வீடியோ. கேமரா அவளுடைய கொழுந்தனிடம். செய்துகாட்ட ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. நின்ற இடத்தில் நிற்காமல் குதிப்பதால் தத்துக்கிளி என்று பெயர். மேற்பார்வைக்கு மாஸ்டர். டீச்சரையே பத்து வயதிலிருந்து ஆட வைத்தவர். உடைந்த மட்டையின் தண்டு ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். அது எதற்கு என்பது டீச்சரின் கெண்டைக்காலுக்குத் தெரியும்.

பிடி பற்றிய பகுதி சுமுகமாகவே முடிந்தது. யாருக்கோ கைகொடுப்பதுபோல் மட்டையைப் பிடித்தாள் தத்துக்கிளி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் ‘வி’ வடிவம் மட்டைச் சட்டத்தின் விளிம்போடு ஒரே கோட்டில் நின்றதை, கொழுந்தன் கிட்டே போய் எடுத்தான். விரல்கள் தளர்வாக இருக்கட்டும், ஷட்டில் படும் கணத்தில் மட்டும் இறுக்கு என்று டீச்சர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள்.

வினை காலில் வந்தது. நடுக்களத்தில் ஒரு சின்னத் துள்ளல், அங்கிருந்து வலைப்பக்கம் வலதுகாலை நீட்டி ஓர் எட்டு. குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும், முழங்கால் பாதம் பார்க்கும் திசையில் மடங்க வேண்டும், பிறகு நடுக்களத்துக்குத் திரும்ப வேண்டும். தத்துக்கிளி நுனிவிரலில் போய் இறங்கினாள். மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறை தண்டு விசிறும் சத்தம் கேட்டது. பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கத்தக்கூட இல்லை.

கேமரா ஓடுவதாகக் கொழுந்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“ஓடட்டும். அடிக்காம கால் பணியாது. உங்க அண்ணி கால ஆக்கினது யாருன்னு அவளையே கேளு” என்றார் மாஸ்டர். பிள்ளையின் தலைமுடியைப் பற்றித் தூக்கி நிறுத்தி, அதே இடத்தில் இன்னொன்று வைத்தார். தோல் பிளந்து ரத்தம் காலுறைக்குள் இறங்கியது.

டீச்சர் நடுவில் போய் நின்றாள். “ஸ்கிரிப்ட்ல அடி இல்ல, மாஸ்டர்.”

அடுத்த வீச்சு அவள் காதோரம் இறங்கியது. ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவளைத் தள்ளிவிட்டுப் பிள்ளையை நோக்கித் தண்டை மறுபடி ஓங்குவதும் தெரிந்தது. அவள் கையில் மட்டை இருந்தது. விரல்கள் தளர்வாகத்தான் இருந்தன. அவர் தாடையில் படும் கணத்தில் இறுகின.

மாஸ்டர் மண்டியிட்டார். அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. இரண்டாவது அடியில் பல் தெறித்தது. மூன்றாவதில் சட்டம் முறிந்து அதன் முனை அவர் புருவத்தைக் கிழித்தது. நாலாவதை ஓங்கும்போது கொழுந்தன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்தான். மூச்சிரைக்கத் திரும்பியவள் பிள்ளையைப் பார்த்தாள். தத்துக்கிளி வலைக்கம்பத்தின் பின்னால் சுருண்டிருந்தாள். அவள் பயந்து பார்த்தது மாஸ்டரை அல்ல.

மாஸ்டரின் தாடைக்குக் கம்பி கட்டினார்கள். பள்ளி விசாரணை வைத்தது, போலீஸும் வந்தது. கொழுந்தன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “அண்ணி, உங்க காதுல விழுந்த அடி வரைக்கும் வெச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டிடறேன். ஒரு பய உங்கள எதுவும் சொல்ல முடியாது.”

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கம்பத்தின் பின்னாலிருந்த அந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

“முதல் அடியோட நான் நிறுத்தியிருந்தா வெட்டுன்னு சொல்லியிருப்பேன். முழுசா குடுத்துடு.”

மாஸ்டர் எந்தப் பள்ளியிலும் பிள்ளைகளைத் தொடக்கூடாது என்று ஆயிற்று. அவளுக்கு ஒரு வருடம் களத்துக்குள் நுழையத் தடை. வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

வருடம் கழிந்து வீடியோவை மறுபடி எடுத்தபோது, வேறு பிள்ளையைப் பார்க்கலாம் என்றாள் டீச்சர். நானே செய்யறேன் என்று தத்துக்கிளி வந்து நின்றாள். அவளுடைய அம்மா சுவரோரம் உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கைப் பிடிக்கு, கட்டைவிரலைக் கைப்பிடியின் அகலமான பக்கத்தில் தட்டையாக வைக்க வேண்டும். அது சரிந்து கிடந்தது. சரிசெய்ய டீச்சர் கையை நீட்டியதும் பிள்ளையின் தோள்கள் காதுவரை ஏறின.

டீச்சர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தாளில் ‘கோச் விரலைச் சரிசெய்கிறார்’ என்றிருந்ததை அடித்தாள். பிறகு தானே ஒரு மட்டையை எடுத்து, வேண்டுமென்றே தோசைக்கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இதுல என்ன தப்புன்னு நீ சொல்லு.”

பிள்ளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்ல நெருங்கி, டீச்சரின் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். கொழுந்தன் அதைத்தான் எடுத்தான்.