தொட்டி மூடியைத் திறப்பவர் கவனத்திற்கு

டயகம தேயிலைத் தோட்டத்தின் மேட்டு லய வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்த் தொட்டியின் தகர மூடி அடிக்கடி திறந்து கிடந்தது. தண்ணீரில் சருகு மிதந்தது.

"காளியாயி வேலதான். நோட்டீசுல பேரப் போட்டு எழுதுங்க தங்கச்சி, அவ வீட்டுப் பைப்ப வெட்டிருவோம்" என்றார் தண்ணீர்ச் சங்கத் தலைவர் சோலைமலை.

"நீங்க பாத்தீங்களாண்ணே?" என்றாள் செயலாளர் கிருஷாந்தி.

"தொட்டிக்குப் பக்கத்து வீட்டுல வேற யாரு இருக்கா?"

கிருஷாந்தி யார் பெயரையும் எழுதவில்லை. "மூடியைத் திறப்பவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். குப்பை விழுந்தால் எல்லோருடைய தண்ணீரும் கெடும்" என்று எழுதித் தொட்டிச் சுவரில் ஒட்டினாள்.

ஞாயிறு மாலை, தொட்டிக்குக் கீழே, சரிவில் சங்கக் கூட்டம். லயத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். காளியாயி முன்வரிசையில் இருந்தாள்.

"இப்பவும் தெறந்துதான் கெடக்கு. பாத்துட்டுத்தான் வாறேன்" என்று சோலைமலை அவளை முறைத்தார்.

அப்போது மேலே, பனிமூட்டத்துக்குள், தகரம் சிமெந்தில் உரசும் சத்தம் கேட்டது. மெதுவாக இழுபட்டு, 'டப்'பென்று மூடிக்கொண்டது.

எல்லோரும் ஒன்றாக ஏறிப் போனார்கள். மூடி சரியாகப் பொருந்தியிருந்தது. அங்கே யாருமில்லை.

"இப்ப யாரு பைப்பண்ணே வெட்டப் போறீங்க?" என்றாள் காளியாயி.

சோலைமலை தொட்டியை விட்டுப் பின்வாங்கினார்.