நாலாவது வரி

சினிமாப் பாட்டு இல்லாமல் ஒரே ஒரு பாட்டு. கிட்டார்க்காரன் கேட்டது அவ்வளவுதான். ஒரு மணி நேரக் கச்சேரியில் ஐந்து நிமிஷம்! அதற்கே பாடகனான மச்சினன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

“மாமா, ஜனங்க அதுக்கா வர்றாங்க? தெரிஞ்ச மெட்டு வர்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு நிப்பாங்க. பல்லவி விழுந்தாத்தான் துள்ளுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாமல் என்ன? அந்தக் கண்ணராவியை வருஷக்கணக்காக மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவனே அவன்தானே. பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர். சாயங்காலம் ஒரு கார் ஷெட்டுக்கு மேலே, சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த அறையில் ஒத்திகை. அங்கே அவன் மண்டையை உடைத்துக்கொள்வது எதற்காக? யாரோ போட்ட மெட்டுக்காக.

சும்மா கிட்டாரை அலறவிட்டால் சினிமாப் பாட்டு, மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை ஆகிவிடும் என்று நினைப்பவர்களைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். படத்தில் கீபோர்டும் வயலினும் மூன்று மூன்று சுரமாகச் சேர்ந்து இழையும். அதையே, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும், ஒரு சுரமும் தெரியாது. அதனால் நடுச் சுரத்தைத் தூக்கி எறிய வேண்டும். அடிச் சுரமும் அதற்கு ஐந்தாவதும் மட்டும் போதும். ஆனால் பாட்டு சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்வதே அந்த நடுச் சுரம்தான். அது போய்விட்டால் அந்த வேலையை மெட்டுதான் பார்க்க வேண்டும். பாடகி ஒரு சுரத்தைப் பிடித்து அசைத்திருப்பாள். இவன் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி அந்த அசைவைக் கொண்டுவருவான். நடுவில் வரும் வயலின் கூட்டத்துக்கு இரண்டு கிட்டார், தனித்தனி ஸ்பீக்கர் பெட்டியில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஓடும். கதாநாயகிக்காகப் போட்ட பாட்டு மச்சினன் தொண்டைக்கு இறங்க வேண்டும் என்பதால் தந்திகளையெல்லாம் தளர்த்திவிடுவான். ‘இடி’ என்று பட்டப்பெயர் வாங்கிய டிரம்மர், ஆடி அசைந்து வரும் ஆறு தட்டுத் தாளத்துக்கு அடியில் இரண்டு காலாலும் தடதடவென்று மிதிப்பான்.

இவ்வளவும் செய்து முடித்தால் என்ன நடக்கும்? முன்வரிசையில் கறுப்புச் சட்டை போட்ட மெட்டல் ரசிகர்கள் தலையைச் சுழற்றுவார்கள். பின்வரிசையில் குடும்பம் குடும்பமாக, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நிற்பார்கள். பல்லவி வந்ததும் இரண்டு கூட்டமும் ஒரே தொண்டையாகப் பாடும். அப்புறம் மேடைக்குப் பின்னால் வந்து இவன் கையைப் பிடித்துக் குலுக்கி, “மெட்டுப் போட்டாரே, அவர் தெய்வம்ணே!” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். விரல் தேய்ந்தவன் இங்கே நிற்கிறான், கும்பிடு அங்கே போகிறது!

அதனால்தான் அவனுக்கு அந்த ஒரு பாட்டு. அடித் தந்தியில், உள்ளங்கையால் அமுக்கி, மெதுவாக நகரும் நாலு வரி மெட்டு. அதன் மேல் மச்சினன் சுரமே இல்லாமல் உறுமுவான். ஆறு மாதமாக இழைத்த பாட்டு. இது யாருடையது என்று கேட்டால் என்னுடையது என்று சொல்ல, வாழ்க்கையில் அவனுக்கு வேறு பாட்டு கிடையாது.

“சரி மாமா, மூணாவதா வச்சுக்கோங்க. ஜனம் கலைஞ்சா என்னைக் கேக்காதீங்க” என்று மச்சினன் கடைசியில் இறங்கி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு கடைக் கட்டடத்தின் அடித்தள மண்டபத்தில் கச்சேரி. நல்ல கூட்டம். முதல் இரண்டு பாட்டிலேயே மச்சினன் குஷி தாங்காமல் கத்தோ கத்தென்று கத்தித் தீர்த்தான். மூன்றாவதுக்கு முன்னால் மெல்ல ஒட்டி வந்தான்.

“மாமா, தொண்டை போச்சு. உறும வராது.”

“அடப்பாவி! என் பாட்டுக்குன்னு பாத்தா உன் தொண்டை போகணும்?”

“பாடிடறேன் மாமா. உங்க கிட்டார் போற வழியிலயே போறேன்.”

“போய்த் தொலை.”

இடி தட்டினான். கிட்டார் உறுமியது. மச்சினன் முதல் வரியை நிதானமாகப் பாடியபோது கிட்டார்க்காரனுக்குப் புல்லரித்துப் போயிற்று. ஆறு மாதமாக எறிந்து வைத்திருந்த நடுச் சுரம், குரலில் வந்து உட்கார்ந்துவிட்டது. அட, இவ்வளவு அழகா என் பாட்டு என்று நினைத்தான்.

இரண்டாவது வரியில் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது வரியில் மண்டபமே பாடியது. வார்த்தைகள் மட்டும் வேறு.

அவனுக்கும் அப்போதுதான் பிடிபட்டது. ஊஞ்சல் பாட்டு! ஒரு பழைய படத்தில் கதாநாயகி ஊஞ்சலில் ஆடிக்கொண்டே புல்லாங்குழலோடு துள்ளிப் பாடும் பாட்டு. அதைப் பாதி வேகத்துக்குக் குறைத்து, அடித் தந்திக்கு இறக்கி, நடுச் சுரத்தைப் பிடுங்கி எறிந்தால் இதுதான் வரும். உறுமலுக்குச் சுருதி கிடையாது என்பதால் இத்தனை நாள் ஒருவருக்கும் தெரியவில்லை. பெற்றவனுக்கே தெரியவில்லையே! ஊரான் மெட்டையெல்லாம் தோலுரித்துத் தோலுரித்து, எது எவன் வீட்டுச் சரக்கு என்ற நிதானமே அவனுக்குப் போய்விட்டது. சீ, என்ன பிழைப்பு இது.

நாலாவது வரி வந்தது. ஊஞ்சல் பாட்டு அங்கே மேலே ஏறும். மண்டபம் ஏறியது. கிட்டாரும் மச்சினனும் கீழே இறங்கினார்கள். காது கூசியது.

“அண்ணே, மேல போங்கண்ணே!” என்று ஒருவன் கத்தினான்.

மச்சினன் திரும்பி, போகட்டுமா என்று புருவத்தைத் தூக்கினான். போனால் முடிந்தது. மண்டபம் கூரையைப் பிய்த்துவிடும், ஊஞ்சல் பாட்டின் மெட்டல் வடிவம் என்று ஊரெல்லாம் பரவும். கிட்டார்க்காரன் தலையை ஆட்டி மறுத்தான். மூன்று வரியைத்தான் எவனோ கொண்டுபோய்விட்டான். இதையும் விட்டுக்கொடுக்கவா?

இரண்டாம் சுற்று. மறுபடியும் மண்டபம் மேலே, அவன் கீழே. அதே நாராசம். ஆனால் இந்தத் தடவை முன்வரிசையில் சிலர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூன்றாம் சுற்றில் அவன் இடியைப் பார்த்துக் கையைக் காட்டினான். டிரம் நின்றது. மச்சினனும் நிறுத்தினான். ஒரே தந்தி. பக்கவாட்டில் தள்ளிப் பிடித்த தந்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, நாலாவது வரியை இழுத்துக் கீழே இறக்கினான். மண்டபத்தில் பாதிப்பேர் பழக்கத்தில் மேலே போனார்கள். மீதிப்பேர் அவனோடு இறங்கினார்கள்.

பாட்டு முடிந்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. எதற்குத் தட்டினார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

கச்சேரி முடிந்து அவன் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். மச்சினன் ஓடி வந்தான்.

“மாமா, பிச்சு உதறிட்டோம்! அடுத்த போஸ்டர்ல அந்தப் படத்துப் பேரைப் போட்டுடலாமா?”

“ஆறு மாசம்டா! ஆறு மாசம் உக்காந்து ஊஞ்சல் பாட்டை எழுதியிருக்கேன். வாயைக் கிளறாம போ.”

மச்சினன் நழுவினான். அடுத்து கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். அவள் முகத்திலும் எரிச்சல்.

“அண்ணா, ஊஞ்சல் பாட்டுல நாலாவது வரியைத் தப்பா வாசிச்சீங்க.”

“தெரியும்மா” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

“அது எனக்குச் சின்ன வயசுலேருந்து மனப்பாடம்ணா. இப்ப வெளிய நின்னு பாடிப் பாக்கறேன், சரியான வரி வரவே மாட்டேங்குது. உங்க தப்புதான் வருது. என்னண்ணா இது தொல்லை?”

அவன் ஒயரைக் கீழே போட்டான். “எங்க, பாடுங்க.”

அவள் பாடினாள். மூன்று வரியும் படத்தில் உள்ளபடியே வந்தது. நாலாவது கீழே இறங்கியது. “பாத்தீங்களா?” என்று அலுத்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை பாடுங்கம்மா” என்றான் கிட்டார்க்காரன்.