சக்கை மட்டும் விழுந்த வாளி

மனைவி சாமியாத்தாள் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்த தம்பிதுரை, அவள் மொட்டை மாடியில் வளர்த்த செடிகளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றிருந்தார். சமையலறைக் கழிவை உரமாக்க அவள் வைத்திருந்த ஓட்டை போட்ட வாளியைக் கண்டாலே சிடுசிடுத்தவர் அவர். "ஊட்டு மேல குப்பைமேடு எதுக்கு?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பார். இப்போது அது உறுத்தியது.

காபிச் சக்கை செடிக்கு நல்லது என்று அவள் சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. காலையும் மாலையும் ஃபில்டரைத் தட்டி, பாதியைக் கறிவேப்பிலைத் தொட்டியிலும் மீதியை வாளியிலும் போட்டுவந்தார். கறிவேப்பிலை பழுத்து உதிர்ந்தது. வாளியில் இருந்ததோ மக்காமல், கட்டி கட்டியாக வெள்ளைப் பூசணம் பிடித்துக் கிடந்தது.

தினமும் குப்பை வாங்க வரும் அன்புச்செல்வி, வார்டு உரக்கூடத்திலும் வேலை பார்ப்பவள். ஒரு காலையில் அவளிடம் கேட்டார்.

"அம்மணி, ஒரு எட்டு மேல வந்து செடியப் பாக்கறீங்களா?"

ஏழு வருடமாகக் வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று குப்பை வாங்கிப் போனவள் அவள். சற்றுத் தயங்கிவிட்டுப் படியேறினாள்.

கறிவேப்பிலைத் தொட்டியில் விரலால் தட்டினாள். சக்கை காய்ந்து அடைபோல இறுகியிருந்தது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள். அது உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து கீழே ஓடியது.

"தண்ணியே வேருக்குப் போகலீங்கய்யா. சக்கையக் கனமாப் போட்டுப்போட்டீங்க."

தம்பிதுரை வழிந்தோடிய தண்ணீரைப் பார்த்தார். நாலு மாதமாகத் தாமே அந்தச் செடியைத் தாகத்தில் வைத்திருந்திருக்கிறார்.

அவள் அடையைப் பெயர்த்தெடுத்து, மண்ணைக் கொத்திவிட்டுத் தண்ணீர் விட்டாள். பிறகு வாளியைப் பார்த்தாள்.

"இதுல சக்கை மட்டுந்தானுங்க இருக்குது. காஞ்ச எலை நெறையப் போடோணும். காய்த்தோல், கீரைத்தண்டு எல்லாம் சேரோணும். சக்கை அதுல அஞ்சுல ஒரு பங்கு இருந்தாப் போதுமுங்க."

"காய்த்தோலுக்கு எங்க போறது?"

அன்புச்செல்வி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க குப்பைய நாந்தானுங்க வாங்கறேன். அக்கா போனதுல இருந்து ஓட்டல் பொட்டலக் கவர்தான் வருது. நீங்க அடுப்பே பத்த வெக்கறதில்லீங்களா?"

"காபிக்குப் பத்த வெக்கறனுங்க" என்றார். அவள் செடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை தெருவில் உதிர்ந்து கிடந்த புங்க இலைகளை அள்ளி வந்தார். கட்டிகளை உடைத்து அவற்றோடு கலந்தார். மறுநாள் ஒரு பீர்க்கங்காய் வாங்கினார். சீவிய தோலைப் பொடிப் பொடியாக நறுக்கி வாளியில் போட்டார். சமைத்த காய் குழைந்துவிட்டது, உப்பும் கூடியிருந்தது. இருந்தாலும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கிளறியபோது வாளியிலிருந்து மழை நனைத்த மண்ணின் வாசம் வந்தது. கையை உள்ளே விட்டார். இளஞ்சூடாக இருந்தது; மக்கத் தொடங்கியிருந்தது. கறிவேப்பிலை பிழைக்குமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. கையை எடுக்க மனமில்லாமல் வெகுநேரம் அப்படியே குந்தியிருந்தார்.