ஆறாவது மேசை ஏன் காலி?

அவளை வகுப்பில் எல்லாரும் மணிக்கூண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். உயரம் ஒரு காரணம். நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற வழக்கம் இன்னொன்று. அப்படிப்பட்டவள், நேர்முகத் தேர்வுக்கு வந்த இடத்தில் ஒரு மணி நேரமாகக் கடிகாரத்தையே மறந்து உட்கார்ந்திருந்தாள் என்றால், பயம் எந்த அளவுக்கு ஏறியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நகரப் பேருந்துகளின் கட்டுப்பாட்டு நிலையம் அது. கோடை விடுமுறையில் ஒரே ஒரு மாணவருக்குப் பயிற்சி இடம். அவள் எழுதிப் போட்ட இடங்களில் பாதிப் பேர் பதிலே போடவில்லை, மீதிப் பேர் "முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை" என்று நாசூக்காகக் கதவைச் சாத்திவிட்டார்கள். படிக்கிற பிள்ளைக்கு முன் அனுபவம் எங்கிருந்து வரும்? பயிற்சி கொடுத்தால் அனுபவம் வரும், அனுபவம் இருந்தால் பயிற்சி கொடுப்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தக் கம்பெனிக்கும் நேரமில்லை. கூப்பிட்டது இந்த ஒரு இடம்தான். இதுவும் கை நழுவினால் அடுத்த வருஷம் படிப்பு முடித்து வேலைக்கு நிற்கும்போதும் இதே வெறுங்கைதான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா முந்தின நாளே பாடம் எடுத்திருந்தாள்.

"இங்க பாருடி, போன உடனே அந்த பஸ் ஆப் ப்ராஜெக்ட்ட எடுத்து விடு. பஸ் ஆபீஸ்ல பஸ் ப்ராஜெக்ட், அப்படியே ஒட்டிக்கும். அந்த டேபிள் டென்னிஸ் கதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்துடாத. விளையாட்டுப் பிள்ளைன்னு அனுப்பிடுவாங்க."

அக்கா சொன்னால் அவளுக்கு வேத வாக்கு. தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

அன்றைக்குக் கடைசி ஆள் அவள்தான். உள்ளே இரண்டு பேர். ஒருவர் மனிதவள அதிகாரி. கேள்விகள் அச்சடித்த தாளும், மதிப்பெண் போடக் கட்டங்களுமாக உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் ஒரே கேள்விகள்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இன்னொருவர் கட்டுப்பாட்டு அறையின் தலைமை அதிகாரி. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, இவளைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தார்.

"வேலை அனுபவம் இல்லன்னு கவலைப்படாதீங்க. நாங்க அதைக் கேக்கப்போறதில்ல," என்றார் மனிதவள அதிகாரி. "படிப்புலயோ, கிளப்புலயோ, வேற எங்கயோ, ஒரு சிக்கலை நீங்க எடுத்துச் சரிபண்ணின ஒரு சம்பவம் சொல்லுங்க."

இதோ வந்தது வாய்ப்பு என்று மணிக்கூண்டு மடமடவென்று ஆரம்பித்தாள். பேருந்து எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லும் ஆப். நாங்கள் திட்டமிட்டோம், நாங்கள் செய்தோம், நாங்கள் முதல் பரிசு வாங்கினோம். கண்ணாடி முன் நின்று பழகியதில் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

அம்மா பென்சிலைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கே. பஸ் பாலத்துக்கு அடியில போகும்போது சிக்னல் போயிடும். கொஞ்ச நேரத்துக்கு எங்க இருக்குன்னே தெரியாது. அதை எப்படிச் சமாளிச்சீங்க?"

"அது... சமாளிச்சோம் மேடம்."

"எப்படி?"

அந்தப் பகுதி முழுக்கத் தோழி எழுதியது. அவள் ஏதோ விளக்கினாள், இவள் "சூப்பர்" என்றாள், அவ்வளவுதான் ஞாபகம். ஏதாவது அடித்து விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எதிரில் இருப்பவரோ காணாமல் போகும் பேருந்துகளை நாள் முழுக்கத் தேடுகிறவர். இவரிடம் கரடி விட்டால் கரடியே சிரிக்கும்.

"எனக்குத் தெரியாது மேடம்," என்றாள். காது மடல் எரிந்தது. "கோட் எழுதினது என் ஃப்ரெண்டு. நான் பஸ் ஸ்டாப்ல நின்னு பயணிங்ககிட்ட கேள்வி கேட்டேன். ஸ்லைடு போட்டேன். அவ்வளவுதான்."

அதிகாரி எதையோ எழுதினார். அந்தச் சத்தம் அவளுக்குக் கதவை இழுத்துச் சாத்துகிற மாதிரி கேட்டது. எல்லாம் போயிற்று என்று ஆனபின் ஒரு முரட்டுத் தைரியம் வந்தது.

"சார், நான் வேற ஒரு சம்பவம் சொல்லலாமா? அது முழுக்க நான் பண்ணது. ஆனா அது... டேபிள் டென்னிஸ்."

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். "தாராளமா. நேரம் இருக்கு," என்றார் அந்த அம்மா.

"எங்க காலேஜ்ல வருஷா வருஷம் போட்டி நடக்கும். ஒரு ஹால், ஆறு மேசை. போன வருஷம் ஃபைனல் நடக்கவே இல்ல. ராத்திரி ஆயிடுச்சுன்னு வாட்ச்மேன் லைட்டை அணைச்சுட்டார். இந்த வருஷம் அட்டவணை போடற வேலை என் தலைல விழுந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சில ஆட்டம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். சிலது இழுத்தடிக்கும். எது இழுக்கும்னு முன்னாடி யாருக்கும் தெரியாது. ஒண்ணு இழுத்தா அதே மேசைக்காகக் காத்திருக்கிறது எல்லாம் தள்ளிப்போகும். எங்க க்ளாஸ்ல வரிசைக் கோட்பாடுன்னு ஒரு பாடம் இருக்கு. இடத்தை முழுக்க நிரப்பிட்டா காத்திருக்கிற நேரம் எக்கச்சக்கமா ஏறிடும்னு அதுல வரும். அதனால அஞ்சு மேசைக்கு மட்டும் அட்டவணை போட்டேன். ஆறாவதை வேணும்னே காலியா விட்டேன்."

அம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"காலியாவா?"

"ஆமா மேடம். எந்த ஆட்டம் இழுக்குதோ, அதுக்கு அடுத்தது அங்க மாறிக்கும். எல்லாரும் திட்டினாங்க. இவ்வளவு கூட்டம் நிக்குது, மேசை சும்மா கிடக்குதேன்னு. ஆனா இந்தத் தடவை ஃபைனல் நேரத்துக்கு முடிஞ்சது."

"சரி. நேரத்துக்கு முடிஞ்சது அந்த மேசையாலதான்னு எப்படிச் சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்கு அவள் தடுமாறவில்லை. ஏனென்றால் இதே கேள்வியைப் போட்டி முடிந்த அன்றே தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முழுக்க அதனாலன்னு சொல்ல முடியாது. இந்த வருஷம் ஆளும் கொஞ்சம் குறைச்சல். ஆனா எத்தனை தடவை அந்த மேசைக்கு மாத்தினோம்னு குறிச்சு வச்சேன். பதினொரு தடவை. மாத்தலன்னா அந்தப் பதினொண்ணும் பின்னாடி இருக்கறதைத் தள்ளியிருக்கும். மத்தியானம் ரெண்டு ஆட்டம் ஒரே நேரத்துல இழுத்துச்சு, அப்போ மட்டும் தாமதமாச்சு. ஒரு காலி மேசை ஒரு சிக்கலைத்தான் தாங்கும்."

"மறுபடி செஞ்சா என்ன மாத்துவீங்க?" இதைக் கேட்டது அதிகாரி. தாளில் இருந்த கேள்விதான்.

"ஏன் காலியா விட்டேன்னு முதல்லயே சொல்லியிருப்பேன் சார். சொன்னா யாருக்குப் புரியப்போகுதுன்னு நெனச்சு வாயை மூடிட்டு இருந்தேன். நடுவரே கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார். சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும். அது என் தப்பு."

அம்மாவும் அதிகாரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னும் இரண்டு கேள்விகள் வந்தன, பதில் சொன்னாள். பிறகு அம்மா எழுந்தார்.

"வந்த எல்லாருக்கும் உள்ள காட்டறோம். வாங்க."

கதவைத் திறந்ததும் மணிக்கூண்டு அப்படியே நின்றுவிட்டாள். சுவர் முழுக்க ஊர். அவள் பிறந்து வளர்ந்த ஊர், கோடுகளாகவும் புள்ளிகளாகவும் நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பேருந்து. ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ யாரோடோ சண்டை போட்டுக்கொண்டும், தூங்கி வழிந்துகொண்டும், தாமதமாகிவிட்டதே என்று பதறிக்கொண்டும் போகிறார்கள். இத்தனை பேரையும் இந்த அறையில் ஏழெட்டுப் பேர், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இத்தனை வருஷம் பேருந்து தானாக வருகிறது என்றல்லவா நினைத்திருந்தாள்! உடம்பு சிலிர்த்தது.

"இதுல ஒரு புள்ளி மட்டும் நகராது. தெரியுதா?" என்றார் அம்மா.

தேடினாள். ஊரின் நடுவில் பெரிய நாற்சந்தியில் ஒரு வெள்ளைப் புள்ளி சும்மா நின்றுகொண்டிருந்தது.

அப்போது ஓர் ஓரத்தில் ஒரு புள்ளி சிவப்பானது. ஒருவர் மைக்கில், "காலி வண்டி கிளம்பட்டும்," என்றார். வெள்ளைப் புள்ளி மெல்ல அசைந்து, திரும்பி, பழுதாகி நின்ற பேருந்தின் தடத்தில் அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. பின்னால் வந்த புள்ளிகள் எதுவும் முட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே நாற்சந்திக்கு வேறொரு வெள்ளைப் புள்ளி வந்து நின்றது.

வியர்வை நாற்றமடிக்கும் ஒரு ஹாலில், பத்துப் பேர் திட்டத் திட்ட, அவள் தனியாகக் கண்டுபிடித்ததாக நினைத்திருந்த ஒன்று இங்கே ஒரு ஊரையே தாங்கிக்கொண்டிருந்தது. தன்னுடைய சின்ன மூளை இவ்வளவு பெரிய ஒன்றை எட்டித் தொட்டிருக்கிறதா? நம்ப முடியவில்லை. வேலை கிடைக்கிறதோ இல்லையோ, இதைப் பார்த்தாயிற்று என்று நினைத்தாள். அடுத்த நொடியே, ஐயோ கிடைக்கவேண்டுமே என்று தோன்றியது.

வீட்டுக்குப் போகும் வழியில் அந்த நாற்சந்தியில் இறங்கிவிட்டாள். கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். நின்றிருந்தது. விளக்கெரிய, இருக்கைகள் காலியாக, ஓட்டுநர் மட்டும் உள்ளே. நிறுத்தத்தில் கூட்டம் பிதுங்கியது. பெட்டி தூக்கிய ஒருவர் பேருந்தின் கதவை ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு பேர் நிக்கறோம், சும்மா நிறுத்தி வச்சுக்கிட்டு வேடிக்கையா பாக்கறே?"

ஓட்டுநர் பழகிப்போன முகத்தோடு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைப்பேசி அடித்தது. மனிதவள அதிகாரி.

"மதிப்பெண் கூட்டிப் பாத்தாச்சும்மா. முதல் பதிலுக்கு ஒண்ணும் போடல, அதை மறைக்கறதுக்கில்ல. ரெண்டாவதுக்கும் மத்ததுக்கும் நீங்கதான் முதல். திங்கட்கிழமை வந்துடுங்க."

அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு. காலியா நிக்கற வண்டியை வச்சு எங்களுக்குத் தினமும் புகார். ஏன் நிக்குதுன்னு ஜனங்களுக்கு நாங்க இதுவரைக்கும் சொன்னதே இல்ல. நீங்க உங்க தப்பைச் சொன்னப்போதான் மேடத்துக்கு உறைச்சுதாம். உங்க முதல் வேலை அதுதான். கேக்குதா?"

"கேக்குது சார்," என்றாள். அவள் செய்த தப்புக்கும் இந்த உலகத்தில் ஒரு இடம் இருந்திருக்கிறது! கண் நிறைந்து, எதிரில் இருந்த பேருந்து கலங்கலாகத் தெரிந்தது.

பெட்டிக்காரர் மறுபடியும் கதவைத் தட்டினார். திங்கட்கிழமை வரைக்கும் யார் காத்திருப்பது? கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"அண்ணா, கொஞ்சம் கேளுங்க. இது சும்மா நிக்கல. எங்கயாவது ஒரு பஸ் நின்னுபோச்சுன்னா, அதுல இருக்கறவங்களை ஏத்திக்கிட்டுப் போகத்தான் இது நிக்குது. இன்னிக்கு மத்தியானம் கூட ஒண்ணு அப்படிப் போச்சு. நாளைக்கு நீங்க போற பஸ்ஸே நின்னா, உங்களுக்காக இங்கருந்துதான் ஒண்ணு வரும்."

அவர் தட்டிய கையை இறக்கினார். காலி இருக்கைகளை ஒரு தரம் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து இவளைப் பார்த்தார்.

"இதை எவனும் சொல்லலியேம்மா," என்றார். கோபம் பாதி இறங்கியிருந்தது. "நீ யாரு, பஸ் ஆபீஸ்லயா வேலை பாக்கறே?"

வாழ்நாளில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"ஆமாண்ணா," என்றாள்.