வட்டம் இல்லாத நாற்கரம்

மதலேனம்மாள் அந்த விடைத்தாளுக்கு முதலில் பூஜ்யம்தான் போட்டாள்.

ஓசூரில் புதிதாக வந்திருந்த தொழிற்சாலை ஒன்று தன் பயிற்சிப் பள்ளிக்கு ஆள் எடுப்பதற்காக மாவட்டம் முழுக்கத் தேர்வு நடத்தியிருந்தது. மூன்று வருடம் மழை பொய்த்திருந்த நேரம். பிளஸ் டூ முடித்து வெறுமனே இருந்த பையன்கள் எல்லாரும் எழுதியிருந்தார்கள். இடங்கள் நாற்பதுதான். கணக்குத் தாளைத் திருத்துவதற்கு தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்லம்பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த மதலேனம்மாளும் போயிருந்தாள்.

எட்டாவது கேள்வி சுலபமானது. ஒரு நாற்கரத்தின் பக்கங்கள் 7, 24, 15, 20 செ.மீ.; பரப்பளவு என்ன? ஐந்து மதிப்பெண். விடைக் குறிப்பில் போட்டிருந்தபடி நான்கு பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் அரைச்சுற்றளவு 33. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 26, 9, 18, 13. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 234. பையன்களில் பாதிப் பேர் அப்படியே எழுதியிருந்தார்கள். அவள் கை தானாக ஐந்து போட்டுக்கொண்டே போனது.

அந்த ஒரு தாளில் மட்டும் 234 இல்லை. கடைசி வரியில் "பரப்பளவு காண இயலாது" என்று இருந்தது. பூஜ்யம் சுழித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். திருப்பிய பிறகுதான் முந்தைய பக்கத்தில் இரண்டு படங்கள் இருந்தது மனதில் தட்டியது. மறுபடி பார்த்தாள்.

இரண்டு நாற்கரங்கள். இரண்டுக்கும் அதே பக்கங்கள், அதே வரிசை. முதலாவதில் குறுக்கே ஒரு மூலைவிட்டம் இழுத்து 20 என்று எழுதியிருந்தான். இரண்டாவதில் அதே மூலைவிட்டம் 22. ஒவ்வொன்றையும் இரண்டு முக்கோணமாகப் பிரித்துப் பரப்பு கண்டிருந்தான். முதலாவது ஏறக்குறைய 201. இரண்டாவது 222. கீழே எழுதியிருந்தான்: "நான்கு குச்சிகளின் முனைகளைக் கட்டினால் உருவம் நிற்காது, சாயும். சாயச் சாயப் பரப்பு மாறும். மூலைவிட்டமோ ஒரு கோணமோ கொடுக்கப்படவில்லை. எனவே பரப்பளவு காண இயலாது."

மதலேனம்மாள் ஓரத்தில் முக்கோணங்களைத் தானே போட்டுப் பார்த்தாள். 62, 139. சரி. அடுத்தது 76, 146. அதுவும் சரி.

அப்புறம் கேள்வித்தாளை எடுத்துக் கேள்வியை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தாள். தமிழில் "ஒரு நாற்கரத்தின்" என்றுதான் இருந்தது. பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த கேள்வியில் 'சைக்ளிக்' என்ற சொல் இருந்தது. வட்ட நாற்கரம். நான்கு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். அப்போது எதிரெதிர்க் கோணங்கள் சேர்ந்து நூற்றெண்பது பாகையாகிவிடும், உருவம் சாய வழியில்லை. இந்தப் பக்கங்களுக்கு மூலைவிட்டம் 25 ஆக இருக்கும்போது அது நடக்கும். இரண்டு செங்கோண முக்கோணம், 84, 150, மொத்தம் 234. வேறு எப்படிச் சாய்த்தாலும் பரப்பு அதைவிடக் குறைவுதான். மொழிபெயர்த்தவர் 'வட்ட' என்ற மூன்றெழுத்தை விட்டுவிட்டார். அந்த மூன்றெழுத்து இல்லாத கேள்விக்கு இந்தப் பையன் எழுதியதுதான் பதில்.

அவள் உடனே பேனாவை எடுத்தாள். பூஜ்யத்தை அடித்து, ஐந்து போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதன்மைத் திருத்துநர் கோவிந்தன் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர் என்று பெயர்.

"என்னம்மா இது? கீ-யில 234 இருக்குது. நீ காண இயலாதுன்னதுக்கு அஞ்சு போட்டிருக்கிற."

"சார், தமிழ்க் கேள்வியில வட்டம்ங்கற வார்த்தையே இல்லிங்க. படிச்சுப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஆங்கிலத்தைப் படித்தார். பையனின் இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனதை மதலேனம்மாள் கவனித்தாள்.

"பையன் கெட்டிக்காரன்தான்" என்றார்.

"அப்ப அஞ்சு இருக்கட்டுங்களா சார்?"

"அது எப்படிம்மா? இவனுக்குக் குடுத்தா கேள்வியே தப்புன்னு ஆகுது. அப்ப 234 எழுதினவனுக்கெல்லாம் என்ன செய்யறது? இன்னிக்குச் சாயங்காலம் கட்டு எல்லாம் ஓசூருக்குப் போவணும்."

"அவங்க கேள்வியைப் பார்க்காம சூத்திரத்தை ஒப்பிச்சிருக்காங்க சார். இவன் ஒருத்தன்தான் பார்த்திருக்கான்."

கோவிந்தன் கேள்வித்தாளின் முகப்பைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். அடியில் பொடி எழுத்தில் ஒன்பதாவது விதி. இரண்டு மொழிக்கும் இடையே வேறுபாடு இருந்தால் ஆங்கிலமே முடிவானது. அந்த விதி ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது.

"தமிழ் மீடியத்துல படிச்ச பையன் இதைப் படிச்சிருப்பானா சார்?"

"எனக்குத் தெரியாதாம்மா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஓசூருக்குப் போன் போட்டு வேணும்னாலும் கேட்கறேன்."

கேட்டார். பள்ளி அலுவலகத்தில் டிரங்க் காலுக்காகக் காத்திருந்து, சத்தம் போட்டுப் பேசி, பாதியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் "யெஸ் சார், யெஸ் சார்" என்று வைத்தார். திரும்பி வந்து, முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் அடிக்க மாட்டேங்க சார்."

"நீ அடிக்கலைன்னா கட்டை வேற ஆளுக்கு மாத்துவேன். அவரு அடிப்பாரு. என்ன வித்தியாசம்?"

மதலேனம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். வராந்தாவில் மற்ற ஆசிரியர்கள் பயணப்படிக்குக் கையெழுத்துப் போட வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். அரூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். கடைசியில் அவளே உட்கார்ந்து ஐந்தை அடித்தாள். வேறு ஒருவர் கை அந்தப் பக்கத்தில் படுவதை ஏனோ அவளால் பொறுக்க முடியவில்லை. தாளில் இருந்த பதிவெண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள்.

தேர்வானவர்கள் பட்டியல் வந்ததும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி ஓசூர் போனாள். வீட்டுக்காரர் சவரிமுத்து, "உனக்கெதுக்கு இந்த வம்பு? அடுத்த வருசம் கூப்பிட மாட்டாங்க" என்றார். கூப்பிடாமல் போகட்டும் என்றாள்.

பயிற்சி அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தார். சென்னைக்காரர். டீ வரவழைத்துக் கொடுத்தார். மதலேனம்மாள் ஒரு தாளில் இரண்டு நாற்கரத்தையும் வரைந்து காட்டினாள். அவர் இன்ஜினியர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"யூ ஆர் ரைட், மேடம்" என்றார். "நாலு கம்பியை போல்ட் போட்டா ஃபிரேம் ஆடும். குறுக்கே ஒரு கம்பி வெச்சாத்தான் நிற்கும். இது எங்க ஒர்க் ஷாப்ல முதல் நாள் பாடம்."

"அப்ப அந்தப் பையன் உங்களுக்கு வேணுமில்லைங்களா?"

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கோப்பு ஒன்றை எடுத்து வந்து அவள் சொன்ன எண்ணைத் தேடினார். நாற்பதாவது ஆள் எழுபத்தொன்று வாங்கியிருந்தான். இந்த எண் அறுபத்தெட்டு.

"அஞ்சு சேர்த்தா எழுபத்து மூணு சார்."

"தெரியுது மேடம். ஆனா நாற்பது பேரும் சேர்ந்தாச்சு. ஒருத்தனை வெளியே அனுப்பணும். அவன் என்ன தப்பு பண்ணினான்? அவனும் ஏதோ ஒரு கிராமத்துப் பையன்தான். நான் மேலே எழுதினா ரூல் நைன்னு ஒரு வரியில பதில் வரும்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டுவதற்காவது ஒருத்தர் கிடைப்பார் என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"அடுத்த வருசமாவது எழுதச் சொல்லலாங்களா?"

அதிகாரி கோப்பைப் பார்த்தார். "வயசு தாண்டிடும்" என்றார். பிறகு, கேட்காமலேயே பெயரையும் ஊரையும் சொன்னார். முனிராஜ், தகப்பன் பெயர் மாது, பாப்பாரப்பட்டி பக்கம்.

மறுநாள் ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மதலேனம்மாள் பாப்பாரப்பட்டிக்குப் போனாள். விசாரித்துக்கொண்டு காட்டு வழியே வெகுதூரம் நடந்தாள். முளைத்த கேழ்வரகு விரல் உயரத்திலேயே காய்ந்து நின்றது. ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் ஒரு பெண் புளி தட்டிக்கொண்டிருந்தாள். முனிராஜின் அம்மா குள்ளம்மாள். மாது இறந்து இரண்டு வருடமாகிறது என்று அவளே சொன்னாள்.

"பையன் இல்லிங்களா?"

"பெங்களூரு போயிட்டானுங்க டீச்சரம்மா. கட்டட வேலைக்கு. பேரு வரலைன்னு தெரிஞ்ச ரெண்டாம் நாளே மேஸ்திரி கூடப் போயிட்டான்."

மதலேனம்மாள் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"உங்க பையன் ஒரு கணக்கு போட்டிருந்தானுங்க. அது தப்புன்னு மார்க் குடுக்கலை. ஆனா அது தப்பில்லிங்க. அவன் போட்டதுதான் சரி. கேள்விதான் தப்பு."

குள்ளம்மாளின் கை நின்றது.

"அப்படிங்களா? அவன் பரீட்சை எழுதிட்டு வந்ததுமே பசங்க கிட்டப் பேசிட்டு, 'நான்தான் ஆத்தா கோட்டை விட்டுட்டேன், எல்லாருக்கும் வந்த கணக்கு எனக்கு வரலை'ன்னு தலையில அடிச்சுக்கிட்டான். ரெண்டு நாள் சோறு திங்கலை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப வேலை குடுக்கறாங்களா டீச்சரம்மா? ஆளனுப்பி வரச் சொல்லட்டுங்களா?"

"இல்லிங்க. குடுக்க மாட்டாங்க."

"அடுத்த தபா?"

"வயசு தாண்டிருச்சாம்."

குள்ளம்மாள் புளிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு புளியம்பழத்தை எடுத்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தனியாகப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"நீங்க எதுக்கு டீச்சரம்மா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

அது கோபமாகக் கேட்டதில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மதலேனம்மாள், "அவன் கெட்டிக்காரன்னு அவனுக்குத் தெரியணுமில்லிங்களா. எங்க தங்கியிருக்கான்னு சொன்னா நானே போய்ச் சொல்லறேன்" என்றாள்.

"வேணாங்க."

"ஏங்க?"

"தப்பா போட்டுட்டோம்னு நெனச்சிருந்தான்னா நாலு மாசத்துல மறந்துருவான். சிமெண்ட் சட்டி தூக்கறதுல அவனுக்கு ஒரு சமாதானம் இருக்கும். சரியா போட்டும் குடுக்கலைன்னு தெரிஞ்சா அவன் எப்படிங்க தூக்குவான்?" குள்ளம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். புளி பிசுபிசுத்தது. "உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். சொல்லிராதீங்க."

மதலேனம்மாள் சரி என்றாள். வேறு என்ன சொல்வது? குள்ளம்மாள் ஒரு சொம்பில் மோர் கொண்டு வந்தாள். அதைக் குடித்துவிட்டு வந்த வழியே நடந்தாள்.

அடுத்த வருடம் அவளைத் திருத்தக் கூப்பிடவில்லை. கோவிந்தன் சார் போயிருந்தார். தாளில் எல்லாம் சரியாக இருந்ததாம், தமிழும் ஆங்கிலமும் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போனதாம். கடைவீதியில் எதிர்ப்பட்டபோது அவரே சொன்னார். அவளிடம் அதைச் சொல்லியாக வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தாராம்.

"நல்லதுங்க சார்" என்று சொல்லிவிட்டு மதலேனம்மாள் பஸ்ஸுக்கு நடந்தாள்.