ஏழாம் பிரிவை விட்டுக்கொடுத்தது

சட்டத்துக்குப் பெயர் வைப்பதில் அரசுக்கு இருக்கும் ஆசை, தவமிருந்து பிள்ளை பெற்றவர்களுக்குக்கூட இருக்காது. 'நோயாளிகள் அமைதிப் பாதுகாப்புச் சட்டம்' என்று எங்கள் மாநில அரசு ஒரு சட்டத்துக்குப் பெயர் வைத்தது. கேட்டதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றத்தான் நான் உயர்நீதிமன்றத்தில் நின்றேன். அது செல்லாது என்று வழக்குப் போட்டவர் குவாரிக்காரர். எனக்கு வக்காலத்துக் கொடுத்தவள் என் அக்கா.

அக்கா கண் டாக்டர். ஊருக்கு வெளியே சொந்தமாகச் சின்னதாக ஒரு கண் மருத்துவமனை நடத்துகிறாள். அதற்குப் பின்னால் இருக்கும் மேட்டில் குவாரிக்காரர் பாறைக்கு வெடி வைக்கிறார். கண்ணில் கத்தி வைத்திருக்கும் நேரத்தில் தரை ஒருமுறை அதிர்ந்தால் போதும், மேலே தொங்கும் மைக்ராஸ்கோப் ஆடிவிடும். அதைக்கூட அக்கா சமாளித்துவந்தாள். வெடி போடும் நேரத்தை விசாரித்துக்கொண்டு அதற்கேற்ப அறுவையைத் தள்ளிவைப்பாள். அவள் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. குவாரிக்காரரின் வெடிமருந்துக் கிடங்கு, மருத்துவமனையின் பின்வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். மத்திய அரசின் அதிகாரி கொடுத்த உரிமம் அவரிடம் இருக்கிறது. விதி சொல்லும் தூரமும் இருக்கிறது. அக்காவுக்கு அந்தத் தூரம் போதவில்லை.

"என் வார்டுல படுத்திருக்கிறவங்க கண்ணைக் கட்டிப் போட்டிருக்கேன்டா," என்பாள். "ஏதாவது ஆச்சுன்னா எந்தப் பக்கம் ஓடுவாங்க?"

இதையே சுகாதார அமைச்சரிடமும் போய்ச் சொன்னாள். அமைச்சருக்கும் குவாரிக்காரருக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. சட்டம் பிறந்தது.

சட்டத்தில் இரண்டு பிரிவுகள்தான் முக்கியம். நான்காம் பிரிவு, மருத்துவமனைக்கு அருகில் அறுவை நடக்கும் நேரங்களில் பாறை வெடிக்கக் கூடாது என்றது. ஏழாம் பிரிவு, யாரும் வெடிமருந்து வாங்கவோ விற்கவோ சேமித்து வைக்கவோ மாவட்டச் சுகாதார அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும் என்றது. அக்கா கேட்டது ஏழாம் பிரிவைத்தான். அந்த உரிமத்தைச் சுகாதார அதிகாரி தரவே மாட்டார், கிடங்கு தானாகக் காலியாகிவிடும் என்பது கணக்கு.

சிக்கல் என்னவென்றால், அரசியலமைப்பில் அதிகாரங்களைப் பாகம் பிரித்து வைத்திருக்கிறார்கள். பொதுச் சுகாதாரம் மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. வெடிமருந்து மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீட்டில் ஒருவன் மாடிப்படி இன்னொருவன் முற்றத்தில் இறங்குகிற மாதிரி, இந்தப் பட்டியல்களும் ஒன்றின்மேல் ஒன்று கால் வைக்கும். அங்கேதான் எங்களுக்குப் பிழைப்பு.

விசாரணையன்று அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அறுவை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

குவாரிக்காரரின் வக்கீல் மூத்தவர், மெல்லிய குரல்காரர். முதலில் அமைச்சரின் பகையை எடுத்துவிட்டார். தேர்தல் மேடையில் யார் யாரை என்ன திட்டினார்கள் என்று ஆரம்பித்ததும் மூத்த நீதிபதி கையை உயர்த்தினார்.

"அவங்களுக்குள்ள பகையா, கொஞ்சலா, அது எங்களுக்கு வேண்டாம். சட்டமன்றத்துக்கு அதிகாரம் இருந்தா, கெட்ட எண்ணத்தோட போட்டாலும் அது செல்லும். அதிகாரம் இல்லேன்னா, எவ்வளவு நல்ல எண்ணத்தோட போட்டாலும் செல்லாது. அதிகாரத்தைப் பத்திப் பேசுங்க."

பக்கத்தில் இருந்த அரசு வக்கீல் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பாதி ஜெயித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. நான் பதிலுக்குச் சிமிட்டவில்லை. 'அதிகாரத்தைப் பற்றிப் பேசுங்கள்' என்று நீதிபதி வாயாலேயே வரவழைக்கத்தான் மெல்லிய குரல்காரர் அந்த மேடைப் பேச்சை வேண்டுமென்றே தூக்கிக் கொடுத்தார் என்று எனக்குப் பட்டது.

"அப்ப ஏழாம் பிரிவைப் படிக்கிறேன்," என்றார். இடது கையில் மாநிலச் சட்டம், வலது கையில் மத்திய அரசின் வெடிமருந்துச் சட்டம். இதில் ஒரு வரி, அதில் ஒரு வரி என்று மாற்றி மாற்றிப் படித்தார். கமாகூட மாறவில்லை. மத்தியச் சட்டத்தில் 'உரிமம் வழங்கும் அதிகாரி' என்று வரும் இடத்தில் மட்டும் இதில் 'மாவட்டச் சுகாதார அதிகாரி' என்று இருந்தது. சட்டத்துறையில் புதிதாக எழுதுவதைவிட இருப்பதைப் பெயர்த்து ஒட்டுவதே வழக்கம். அவசரத்தில், கடலில் பயன்படும் வெடிக்கான வரியையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். எங்கள் மாநிலத்துக்குக் கடல் கிடையாது.

இளைய நீதிபதி சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை.

"சட்டத்துக்கு வெச்ச பேரைப் பாக்காதீங்க, அது என்ன செய்யுதுன்னு பாருங்க," என்றார் மெல்லிய குரல்காரர். "வெடிமருந்தை யார் வாங்கலாம், விக்கலாம், வெச்சிருக்கலாம்னு இது சொல்லுது. நேரா செய்ய அதிகாரமில்லாததைச் சுகாதாரம்னு போர்வை போத்திச் செஞ்சிருக்காங்க. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிற கதை. இது முழுசும் போலிச் சட்டம். ஒரு பிரிவு இல்ல, மொத்தமும் போகணும்."

அரசு வக்கீல் எழுந்து எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்தார். வெடி உடம்புக்கு ஆபத்து, ஆபத்து என்றால் சுகாதாரம், ஆகவே ஏழாம் பிரிவும் சுகாதாரமே என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"அப்படிப் பாத்தா எதுங்க சுகாதாரம் இல்ல?" என்றார் மூத்த நீதிபதி. "துப்பாக்கியும் உடம்புக்கு ஆபத்து. விமானம் விழுந்தாலும் ஆபத்து. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குவீங்களா? மத்தியப் பட்டியல்ல அப்புறம் என்ன மிஞ்சும்?"

அரசு வக்கீல் பேசப் பேச ஏழாம் பிரிவின் சேறு நான்காம் பிரிவின்மேலும் தெறித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இரண்டையும் ஒரே பாயில் சுருட்டிவிடுவார்கள். என் முறை வந்தது.

நான் குவாரித் தரப்பின் அதே கேள்வியில் இருந்துதான் தொடங்கினேன். சட்டத்தின் சாரம் என்ன என்று பாருங்கள் என்றேன். நான்காம் பிரிவு வெடிமருந்தைத் தொடவில்லை. யாரும் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம், வெடிக்கலாம். ஆனால் நோயாளி மேசைமேல் படுத்திருக்கும்போது அதிர்வு வரக் கூடாது. அதன் உயிர் நோயாளியிடம் இருக்கிறது. வெடியின்மேல் அது லேசாக உரசுவது போகிற போக்கில் நடப்பது, அதனால் சட்டம் கெடாது. மத்தியப் பட்டியலில் 'வெடிமருந்து' என்ற சொல்லுக்கு, வெடித்த பிறகு யாருடைய கண்ணுக்கு என்ன ஆனது என்பதுவரை நீட்டிப் பொருள் சொன்னால், மாநிலத்தின் 'சுகாதாரம்' வெற்றுச் சொல்லாகிவிடும். 'சுகாதாரத்தை' நீட்டினால் 'வெடிமருந்து' வெற்றாகிவிடும். இரண்டு சொல்லும் பிழைக்கும்படி படிக்க வழி இருக்கும்போது, ஒன்றை ஒன்றால் அடிக்க வேண்டியதில்லை. முதலில் இணக்கமாகப் படிக்க வேண்டும். முடியாமல் போனால்தான் மத்திய அரசின் கை ஓங்குமா என்று பார்க்க வேண்டும்.

மூத்த நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்தால் காது கொடுத்துக் கேட்கிறார் என்று பொருள்.

"செய்யறது, வெக்கிறது, விக்கிறது எல்லாம் மத்திய அரசோடது. நோயாளிக்குப் பக்கத்துல சத்தமும் அதிர்வும் மாநிலத்தோடது. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"அப்ப ஏழாம் பிரிவு?"

அரசு வக்கீல் என் அங்கியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். 'அதற்கு அரசு பதில் சொல்லிவிட்டது' என்று நான் நழுவியிருக்கலாம். ஆனால் நழுவியிருந்தால் நான் போட்ட கோடும் கூடவே நழுவியிருக்கும். அதைப் பிடித்து நிற்கிறவன்தான் நான்காம் பிரிவைக் கேட்க முடியும்.

"அதை எங்களால தாங்கிப் பிடிக்க முடியாதுங்க," என்றேன். "அது போகட்டும். அது போனாலும் நாலாம் பிரிவு தன் கால்ல தனியா நிக்கும். ரெண்டும் ஒண்ணோடொண்ணு பின்னிக் கிடக்கல."

சொல்லிவிட்டுக் காகிதங்களை அடுக்கினேன். அடுக்கும் அளவுக்கு அங்கே காகிதம் இல்லை.

தீர்ப்பு சில வாரங்கள் கழித்து வந்தது. நான்காம் பிரிவு செல்லும், அதன் சாரம் பொதுச் சுகாதாரம் என்றார்கள். ஏழாம் பிரிவு செல்லாது, சட்டியில் இல்லாதது அகப்பையில் வராது என்பதைச் சட்ட மொழியில் நான்கு பக்கம் எழுதியிருந்தார்கள். மருத்துவமனைத் தரப்பு வக்கீல் 'நேர்மையாக ஒப்புக்கொண்டதை' ஒரு வரியில் பாராட்டியிருந்தார்கள். கிடங்கைப் பற்றிக் குறை இருந்தால் உரிமம் கொடுத்த மத்திய அதிகாரியிடம் போகலாம் என்றும் வழி காட்டியிருந்தார்கள். நண்பர்கள் போன் செய்தார்கள். அந்தப் பாராட்டு வரியை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன் என்பதை மறைப்பானேன்.

தீர்ப்பை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அக்கா அறுவையை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேடு அமைதியாக இருந்தது. தீர்ப்பு வந்த அன்றே குவாரிக்காரர் அறுவை நேரத்து வெடியை நிறுத்தியிருந்தார்.

"இன்னிக்கு நாலு கண்ணு," என்றாள். "ஒரு அசைவு இல்ல. நல்லா வாதாடினேடா."

"மத்திய அதிகாரிக்கு மனு எழுதிடலாம்க்கா. கிடங்கோட தூரத்தைத் திரும்ப அளக்கச் சொல்லலாம்."

"எழுது. எழுதாம விடுவேனா?" துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "சில கேஸ் வரும். ஒரு கண்ணுல கட்டி. அந்தக் கண்ணை எடுத்தாத்தான் ஆள் பிழைக்கும். நானும் எடுத்திருக்கேன். எனக்குத் தெரியும் அதுதான் சரின்னு. ஆனா ஒரு தடவைகூட அவங்களைக் கேக்காம எடுத்ததில்ல."

"நீதிபதி கேக்கிறார்க்கா. அங்க நேரமே இல்ல."

"திரும்பிப் பாக்கிற நேரம் இருந்துச்சு. நான் மூணாவது வரிசையிலதான் இருந்தேன். உன் முதுகையே பாத்துக்கிட்டிருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நேரமில்லாமல் இல்லை. திரும்பினால் அவள் தலையை ஆட்டி மறுத்துவிடுவாளோ என்று பயந்தேன். எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது.

"திரும்பியிருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்று கேட்டேன்.

"விட்டுடுன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள் அக்கா. துண்டை மாட்டிவிட்டு, கண் கட்டியவர்கள் படுத்திருந்த வார்டுக்குப் போனாள்.